லென்ஸா, கண்ணாடியா: ஒரு வருஷச் செலவைக் கூட்டிப் பார்த்தேன்

லென்ஸ் வாங்கிவிட்டால் கண்ணாடிச் செலவு மிச்சம் என்று நினைத்து யாராவது கணக்குப் போட ஆரம்பித்தால், முதல் வரியிலேயே கணக்கு பிசகிவிடும். லென்ஸ் போடுகிறவருக்கும் கண்ணாடி வேண்டும். கண் சிவந்த நாளில், சளி பிடித்த நாளில், ராத்திரி லென்ஸைக் கழற்றியதிலிருந்து காலையில் மறுபடி போடும் வரை, வேறு எதை வைத்துப் பார்ப்பது? என் பவர் வலது கண்ணுக்கு மைனஸ் 5, இடது கண்ணுக்கு மைனஸ் 5.5. கண்ணாடி இல்லாமல் எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் ஒரு வெள்ளை வட்டம், அவ்வளவுதான். ஆகவே லென்ஸ் செலவு கண்ணாடிச் செலவுக்குப் பதிலாக வருவதில்லை. அதன் மேல்தான் ஏறுகிறது. எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் கேள்வி.

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பில்லைத் தூக்கிப் போடாத பழக்கம் தொழிலோடு வந்தது. கண்ணாடி மட்டும் போட்டிருந்த வருஷங்களின் பில்களும், தினமும் லென்ஸ் போட்ட காலத்தின் பில்களும், இப்போது எப்போதாவது மட்டும் லென்ஸ் போடும் காலத்தின் பில்களும் ஒரே கவரில் கிடந்தன. அவற்றை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். விலைகள் நான் கொடுத்தவை, கொஞ்சம் முழுமையாக்கியிருக்கிறேன். உங்கள் ஊரில் கூடக்குறைய இருக்கும். உங்கள் விலைகளைப் போட்டு அதே மாதிரி கூட்டிப் பார்க்கலாம்.

முதலில் கண்ணாடி. ஃபிரேம் 1,800 ரூபாய். என் பவருக்குச் சாதாரண லென்ஸ் போட்டால் ஓரம் தடித்துத் தெரியும் என்பதால், 1.60 என்று சொல்லும் மெல்லிய ரகம், ஒளி பிரதிபலிக்காத கோட்டிங்கோடு 3,200. மொத்தம் 5,000. இது எனக்கு இரண்டு வருஷம் வருகிறது. ஃபிரேம் உடைந்து மாற்றியதில்லை. கோட்டிங்தான் முதலில் போகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் கண்ணாடியை விட்டுவிட்டுப் போனால் அந்தச் சூட்டில் கோட்டிங்கில் மயிரிழை போல வெடிப்பு விழும். விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். துடைத்தால் போகாது. துப்பட்டா நுனியால் வறண்ட தூசியோடு தேய்ப்பதும் அதே வேலையைச் செய்யும். தண்ணீரில் கழுவி மென்மையான துணியால் ஒற்றி எடுத்தால் இரண்டு வருஷம் தாராளமாகத் தாங்கும். ஆக வருஷத்துக்கு 2,500.

இதோடு மூக்குப் பட்டை, ஸ்க்ரூ மாற்ற 150. பவர் போட்ட கூலிங் கிளாஸ் 2,400, மூன்று வருஷம் வருகிறது, அதனால் வருஷத்துக்கு 800. கண் மருத்துவமனையில் வருஷம் ஒருமுறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க 600. கூட்டினால் 4,050 ரூபாய்.

கடைசியில் சொன்ன 600ஐப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை, ஏனென்றால் ஆப்டிகல்ஸ் கடையில் இலவசமாகப் பார்க்கிறார்கள். கடையில் பார்ப்பது பவர் மட்டும். தாடையை வைக்கச் சொல்லி தூரத்தில் ஒரு வீடோ பலூனோ காட்டும் மெஷின் பவருக்கு ஒரு தோராய எண்ணைத் தரும், அதிலிருந்து எழுத்துப் பலகையை வைத்துச் சரிபார்ப்பார்கள். கிட்டப்பார்வை பவர் அதிகமாக உள்ளவர்களுக்குக் கண் சற்று நீண்டிருக்கும். விழித்திரை இழுபட்டு ஓரங்களில் மெலிந்து போக வாய்ப்புண்டு. அது பாப்பாவை விரித்துப் பார்த்தால்தான் தெரியும். கண்ணாடி போட்டாலும் லென்ஸ் போட்டாலும் இந்தச் செலவு இரண்டு பக்கத்துக்கும் பொது.

இனி லென்ஸ். நான் தினமும் போட்டது மாத லென்ஸ், சிலிகான் ஹைட்ரோஜெல் ரகம். ஆறு லென்ஸ் உள்ள பெட்டி 1,650. இரண்டு கண்ணுக்கும் பவர் வேறு என்பதால் ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பெட்டி. வருஷத்துக்கு நான்கு பெட்டி, 6,600 ரூபாய். விளம்பரத்திலும் கடையிலும் சொல்லும் விலை இது மட்டும்தான். மாதம் 550 தானே, ஒரு தடவை ஹோட்டலில் சாப்பிடும் காசு என்று தோன்றும்.

லென்ஸைக் கழுவி ராத்திரி ஊறவைக்கும் சொல்யூஷனுக்கு வாருங்கள். 360 மில்லி பாட்டில் 460 ரூபாய். ஒரு பாட்டில் எத்தனை நாள் வரும் என்று கடையில் கேட்டால் "ரெண்டு மூணு மாசம் வரும்க்கா" என்றார்கள். வரவில்லை. சரி, அளந்துவிடுவோம் என்று குழந்தைகள் மருந்துக்குக் கொடுக்கும் அளவுமூடியை எடுத்து வைத்துக்கொண்டேன். லென்ஸை ஊறவைக்கும் கேஸில் இரண்டு குழியும் லென்ஸ் முழுதாக மூழ்கும்படி நிரப்ப ஐந்து மில்லிக்கு மேல் ஆனது. அதற்கு முன் லென்ஸை உள்ளங்கையில் வைத்து, சில சொட்டு விட்டு, விரல் நுனியால் இரண்டு பக்கமும் தேய்த்து, பிறகு அலச வேண்டும். இரண்டு லென்ஸுக்கும் சேர்த்து மூன்று நான்கு மில்லி. காலையில் லென்ஸை எடுத்ததும் கேஸில் இருக்கும் பழையதைக் கொட்டி, புது சொல்யூஷனால் ஒரு அலசு. ஒரு நாளைக்குப் பத்து மில்லி என்று வைத்தால் சரியாக இருக்கும். பாட்டில் 36 நாள். வருஷத்துக்குப் பத்து பாட்டில், 4,600 ரூபாய்.

மறுபடி ஒருமுறை பாருங்கள். சொல்யூஷனுக்கு மட்டும் ஆவது, கண்ணாடிக்கும் கூலிங் கிளாஸுக்கும் டாக்டருக்கும் சேர்த்து ஆன 4,050ஐத் தாண்டிவிட்டது.

"மூணு மாசம்" என்று கடையில் சொன்னது எங்கிருந்து வருகிறது என்றும் புரிந்தது. நிறையப் பேர் காலையில் கேஸில் இருப்பதைக் கொட்டுவதில்லை. ராத்திரி அதன் மேலேயே கொஞ்சம் ஊற்றி நிரப்பிக்கொள்கிறார்கள். தேய்ப்பதும் இல்லை. அப்படிச் செய்தால் பாட்டில் மூன்று மாதம் வரத்தான் செய்யும். ஆனால் ஒருமுறை லென்ஸ் ஊறிய சொல்யூஷனில் கிருமியைக் கொல்லும் மருந்தின் வீரியம் குறைந்திருக்கும். மேலே ஊற்றும் புதியது அதோடு கலந்து நீர்த்துப்போகும். 2006இல் சிங்கப்பூர், ஹாங்காங், அமெரிக்கா என்று பல இடங்களில் லென்ஸ் போடுகிறவர்களுக்குக் கருவிழியில் ஃபியூசேரியம் என்ற பூஞ்சைத் தொற்று வரிசையாக வந்து, ஒரு சொல்யூஷனையே உலகம் முழுவதும் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். அப்போது நடந்த விசாரணையிலும் இந்த மேலே ஊற்றும் பழக்கம் ஆபத்தைக் கூட்டியதாகத் தெரியவந்தது.

சொல்யூஷனில் மிச்சம் பிடிக்க இன்னொரு வழியாக சலைன் பாட்டிலைச் சொல்வார்கள், விலை குறைவு. சலைன் வெறும் உப்பு நீர். அலசலாம், கிருமியைக் கொல்லாது. ராத்திரி ஊறவைக்க உதவாது. குழாய்த் தண்ணீர் அதைவிட மோசம். அதில் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் இருக்கலாம். லென்ஸோடு குளிப்பதும் நீந்துவதும் கூடாது என்பது அதனால்தான். கருவிழியில் அது பிடித்துக்கொண்டால் மாதக்கணக்கில் மருந்து விட வேண்டியிருக்கும், பார்வையும் குறையலாம்.

கேஸ் பெரும்பாலும் பாட்டிலோடு இலவசமாக வந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்றச் சொல்வார்கள். பத்து பாட்டில் வாங்குகிறவருக்கு அது பிரச்சினையே இல்லை.

எங்கள் வேலை இடத்தில் இன்னொரு செலவும் ஒட்டிக்கொண்டது. அலுவலகத்தில் நாள் முழுக்க ஏசி. கீழே இறங்கி யூனிட்டுக்குள் போனால் காற்றில் பஞ்சுத் துகள். கம்ப்யூட்டரைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவதும் குறைந்துவிடும். மூன்று மணிக்கு மேல் லென்ஸ் கண்ணில் இருப்பது தெரிய ஆரம்பிக்கும். லென்ஸ் மேல் விடலாம் என்று சொல்லப்பட்ட ஈரப்பத சொட்டு மருந்து 180 ரூபாய். திறந்து ஒரு மாதத்தில் தூக்கிப்போட வேண்டிய வகை. வருஷத்தில் ஆறு பாட்டில் ஆனது, 1,080. தூசி இல்லாத, ஜன்னல் திறந்த அறையில் வேலை செய்பவருக்கு இந்த வரி இல்லாமலே போகலாம்.

லென்ஸ் கிழிவதும் உண்டு. நகம் பட்டால் போதும். கழற்றும்போது வாஷ்பேசினில் விழுந்தது, காய்ந்து சிப்ஸ் மாதிரி ஆனது என்று வருஷத்தில் இரண்டு லென்ஸையாவது கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், 550.

பிறகு பரிசோதனை. லென்ஸுக்கு முதல்முறை அளவு பார்த்து, ட்ரையல் போட்டுப் பழக்கிவிட 1,000 வாங்கினார்கள். வெறும் பவர் எழுதித் தருவதற்கு இவ்வளவா என்று கேட்கத் தோன்றும். கண்ணாடிப் பவர் அப்படியே லென்ஸ் பவர் ஆகாது என்பது அங்கேதான் தெரிந்தது. கண்ணாடி கண்ணிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் தள்ளி நிற்கிறது. லென்ஸ் கண் மேலேயே உட்காருகிறது. மைனஸ் பவரில் இந்த இடைவெளி போனால் குறைந்த பவரே போதும். என் மைனஸ் 5 லென்ஸில் 4.75 ஆனது, 5.5 என்பது 5.25 ஆனது. மைனஸ் 4க்குக் கீழே இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை, மேலே போகப்போகக் கூடும். கண்ணாடிச் சீட்டைப் பார்த்து ஆன்லைனில் லென்ஸ் ஆர்டர் செய்தால் கூடுதல் பவர் போட்டுக்கொண்டு தலைவலியோடு திரிய வேண்டியதுதான். பெட்டியில் பவரோடு வளைவு, விட்டம் என்று இன்னும் இரண்டு எண்கள் இருக்கும். 8.6, 14.2 மாதிரி. லென்ஸ் கண்ணில் இறுக்கமாக உட்காராமல், சிமிட்டும்போது லேசாக நகரும்படி இருக்க வேண்டும் என்பதைக் கண்ணில் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

அதற்கப்புறம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை லென்ஸ் பரிசோதனை, தடவைக்கு 500. இது வீண் செலவு என்று நினைப்பவர்கள் ஒருமுறை கவனித்துப் பார்க்கலாம். எனக்குப் பார்க்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் சின்னப் பெண். முதலில் லென்ஸோடு பார்ப்பாள். பிறகு கழற்றச் சொல்லிவிட்டு, ஆரஞ்சு நுனி உள்ள ஒரு காகிதப் பட்டையை நனைத்து இமையின் உள்ளே தொட்டு எடுப்பாள். லென்ஸ் இருந்தால் அந்தச் சாயம் அதில் ஏறிவிடும், அதனால்தான் கழற்றுவது. நீல வெளிச்சத்தில் கருவிழியில் எங்கே கீறல் இருக்கிறதோ அங்கே பச்சையாக மின்னும். "கீழ பாருங்கக்கா, அப்படியே இருங்க" என்று மேல் இமையைச் சட்டென்று புரட்டிவிடுவாள். வலிக்காது, ஆனால் எனக்கு இன்னும் பழகவில்லை. இமைக்கு உள்பக்கம் பொரிப்பொரியாக இருந்தால் லென்ஸில் படிந்த அழுக்குக்குக் கண் ஒவ்வாமை காட்டுகிறது என்று அர்த்தம். கடைசியாகக் கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் ஓரத்தைப் பார்ப்பாள். கருவிழிக்கு ஆக்சிஜன் பெரும்பாலும் காற்றிலிருந்துதான் கிடைக்கிறது. பல வருஷம் அதிக நேரம் லென்ஸ் போட்டு அது குறைந்தால், இரத்தக் குழாய்கள் ஓரத்திலிருந்து உள்ளே வளர ஆரம்பிக்கும். நமக்கு வலி இருக்காது, பார்வையும் தெளிவாக இருக்கும். பார்க்கத் தெரிந்தவர் பார்த்தால்தான் உண்டு.

அப்போ கூட்டிவிடலாம். லென்ஸ் 6,600, கிழிந்ததற்கு 550, சொல்யூஷன் 4,600, சொட்டு மருந்து 1,080, லென்ஸ் பரிசோதனை 1,000, விழித்திரைப் பரிசோதனை 600. கண்ணாடியைக் குறைவாகப் போடுவதால் மூன்று வருஷம் வருகிறது என்று 1,670. சாதாரணக் கூலிங் கிளாஸ் போதும் என்பதால் அதற்கு 300. லென்ஸால் உண்மையிலேயே மிச்சமாவது இந்தக் கண்ணாடியிலும் கூலிங் கிளாஸிலும்தான். மொத்தம் 16,400 ரூபாய். முதல் வருஷத்தில் ட்ரையல் செலவு வேறு. கண்ணாடியின் 4,050க்குப் பக்கத்தில் வைத்தால் நான்கு மடங்கு.

இந்தத் தொகையைப் பார்த்ததும் எல்லாருக்கும் வரும் யோசனை, மாத லென்ஸை ஒன்றரை மாதம் போடலாம் என்பதுதான். வருஷத்துக்கு 2,200 மிச்சமாகும். அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் ஒரு பெண் அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள், சொல்யூஷனையும் மேலே ஊற்றிக்கொண்டு. ஒரு திங்கட்கிழமை ஒரு கண் மட்டும் சிவந்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் வந்தாள். நல்லவேளை, அன்றே மருத்துவமனைக்குப் போனாள். கருவிழியில் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி. மணிக்கு ஒருமுறை சொட்டு மருந்து, நாலைந்து தடவை மறுபரிசோதனை, ஒரு மாதத்துக்கு மேல் லென்ஸே கூடாது. மருந்தும் டாக்டர் ஃபீஸும் ஐந்தாயிரத்தை நெருங்கியது. விடுப்பு எடுத்த நாட்களுக்குச் சம்பளப் பிடித்தம் தனி. தூசி விழுந்த சிவப்பு கழற்றியதும் தணியும். கழற்றியும் வலி கூடிக்கொண்டே போவது, வெளிச்சம் கூசுவது, பார்வை மங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் மெடிக்கல் ஷாப்பில் சொட்டு மருந்து வாங்கிச் சமாளிக்கக் கூடாது. டாக்டரிடம் போகும்போது லென்ஸையும் கேஸையும் எடுத்துப்போனால், அதிலிருந்தே என்ன கிருமி என்று சோதிக்க முடியும்.

மாத லென்ஸில் பலர் குழப்பிக்கொள்ளும் இன்னொரு விஷயம் இருக்கிறது. முப்பது நாள் என்பது அந்த லென்ஸின் உறையைத் திறந்த நாளிலிருந்து முப்பது நாள். முப்பது தடவை போடுவது அல்ல. வாரம் ஒருநாள் போட்டாலும் அடுத்த மாதம் புது ஜோடிதான். அதே மாதிரி சொல்யூஷனையும் திறந்து 90 நாளில் கொட்டிவிடச் சொல்லும் பாட்டில்களே அதிகம். இதனால் லென்ஸைக் குறைவாகப் போட்டாலும் செலவு அந்த அளவுக்குக் குறையாது: லென்ஸ் 6,600, மூன்று மாதத்துக்கு ஒரு பாட்டில் என்று 1,840, மொத்தம் 8,440. மாதம் நான்கு நாள் போட்டாலும் இதுதான், பத்து நாள் போட்டாலும் இதுதான்.

ஒரே நாள் போட்டுவிட்டுத் தூக்கிப்போடும் தினசரி லென்ஸ் நேர் எதிர். முப்பது லென்ஸ் பெட்டி 1,650, ஒரு லென்ஸ் 55, ஒரு நாளைக்கு ஜோடி 110 ரூபாய். தினமும் போட்டால் வருஷம் நாற்பதாயிரத்தைத் தாண்டும், அதனால்தான் எல்லாரும் விலையைக் கேட்டதும் வேண்டாம் என்கிறார்கள். ஆனால் சொல்யூஷன் கிடையாது, கேஸ் கிடையாது, போடாத நாளுக்குக் காசு கிடையாது. 8,440ஐ 110ஆல் வகுத்தால் 76 நாள். மாதம் ஆறு நாளுக்குமேல் போடுகிறவருக்கு மாத லென்ஸ் மலிவு. அதற்குக் கீழே தினசரி லென்ஸ் மலிவு. கல்யாணம், ஊர்ப் பயணம், மழையில் வண்டி ஓட்டும் நாள் என்று எனக்கு இப்போது மாதம் நான்கு நாள்தான் தேவைப்படுகிறது. 48 நாளுக்கு 5,280, லென்ஸ் பரிசோதனை வருஷத்துக்கு ஒன்று 500, கண்ணாடிப் பக்கச் செலவு 4,050 அப்படியே. ஆக 9,830. நான் இதில்தான் நின்றிருக்கிறேன். தினசரி லென்ஸை மறுநாளும் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. ராத்திரி ஊறவைத்துத் தேய்த்துக் கழுவுவதற்காகச் செய்த லென்ஸ் அல்ல அது.

வருஷ லென்ஸ் என்று ஒன்று இன்னும் கடைகளில் கிடைக்கிறது. முதல் பார்வையில் எல்லாவற்றையும்விட மலிவு. சொல்யூஷன் செலவு குறையாது, கண்ணீரில் உள்ள புரதம் மாதக்கணக்கில் அதே லென்ஸில் படியும், கிழிந்தால் ஒரே நாளில் மொத்தமும் போச்சு. எனக்கு அதில் விருப்பமில்லை.

சிலிண்டர் பவர் முக்கால் அல்லது அதற்கு மேல் இருந்தால் டாரிக் லென்ஸ் சொல்வார்கள், பெட்டி விலை கணிசமாகக் கூடும், மேலே போட்ட லென்ஸ் வரியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வேறொரு வரி சேரும். கிட்டப்பார்வைக்காரர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பொடி எழுத்தைப் படித்துவிடலாம். லென்ஸோடு அது முடியாது, படிக்கத் தனிக் கண்ணாடி வாங்க வேண்டும். எனக்கு 38 ஆகிறது, அந்த வரியை இப்போதே காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.

மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி என்று அடிக்கடி ஃபோன் வரும். மாத லென்ஸை ஆறு மாதத்துக்கு மேல் வாங்கி வைப்பதில்லை என்பது என் வழக்கம். பவர் கால் புள்ளி மாறினாலும் மீதிப் பெட்டி வீண். திறந்த பெட்டியைக் கடையில் திரும்ப எடுப்பதும் இல்லை. தினசரி லென்ஸ் மட்டும், பெட்டியில் அச்சிட்ட காலாவதி தேதி ஒரு வருஷத்துக்குமேல் தள்ளி இருந்தால், கண்ணுக்கு இரண்டு பெட்டி வரை வாங்குவேன். அதுவும் பரிசோதனை முடிந்து, அன்றைய சீட்டு கையில் வந்த பிறகுதான்.